ஈச் வே போட்டேன், குதிரை ரெண்டாவதா வந்துச்சு, ஆனா £9.50 தான் குடுத்தாங்க. ஏன்?

மெர்சி_கரை
வணக்கம் மக்களே. லிவர்பூல் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, இங்க ஏப்ரல் வந்தா ஊரே குதிரை பத்திதான் பேசும், அதனால இந்த வருஷம் நானும் கத்துக்கலாம்னு கூட வேலை பாக்குற ஒருத்தரோட பெட்டிங் ஷாப்புக்கு போனேன். ஒன்பது குதிரை ஓடுற ஒரு ரேஸ். எனக்கு புடிச்ச குதிரைக்கு 9/2. அவர்தான் "ஈச் வே போடு, முதல் மூணுக்குள்ள வந்தாலே காசு வரும்"னு சொன்னார். £5 ஈச் வேன்னு சொன்னேன், கவுண்டர்ல £10 வாங்கிக்கிட்டாங்க. அப்பவே கொஞ்சம் இடிச்சுது, ஆனா பின்னாடி லைன் நிக்குதேன்னு கேக்கல.

குதிரை ரெண்டாவதா வந்துச்சு. கடைசி ஐம்பது மீட்டர்ல மூணு குதிரையை தாண்டி வந்துச்சு, நான் கத்தின கத்துல தொண்டையே கட்டிடுச்சு. ஸ்லிப்பை நீட்டினா £9.50 எண்ணி குடுக்குறாங்க. £10 குடுத்து, "ஜெயிச்சு", £9.50 வாங்கிட்டு வந்திருக்கேன். கேட்டதுக்கு சரியான கணக்குதான்னு சொல்லிட்டாங்க. நிஜமாவே சரியா? யாராவது பொறுமையா சொல்லுங்க. ஸ்லிப் இன்னும் என்கிட்ட போட்டோவா இருக்கு, அதுல இருக்கறது இவ்ளோதான்:

```
£5 E/W @ 9/2
1/5 odds, 3 places
Total stake £10.00
```

வெம்ப்ளி_வினோத்
இது எஸ்பி பிரச்சனை ப்ரோ. நீங்க போடும்போது 9/2 இருந்திருக்கும், ரேஸ் ஸ்டார்ட் ஆகும்போது விலை இறங்கியிருக்கும், அவங்க ஸ்டார்ட்டிங் பிரைஸ்லதான் குடுப்பாங்க. எனக்கு ரெண்டு தடவை இப்படி ஆயிருக்கு. 9/2 முழுசா குடுத்திருந்தா இவ்ளோ கம்மியா வராது.

பழைய_ஸ்லிப்
வினோத் தம்பி சொல்ற விஷயம் நடக்கறதுதான், ஆனா இங்க அது இல்ல. ஸ்லிப்லயே `@ 9/2`ன்னு இருக்கு பாருங்க, விலையை எழுதி வாங்கிட்டா அந்த விலை உங்களோடது, அதுக்கப்புறம் அது 2/1க்கு இறங்கினாலும் உங்களுக்கு 9/2 தான். விலை எழுதாம விட்டாதான் எஸ்பி. நான் லெஸ்டர்ல பெட்டிங் ஷாப் கவுண்டர்ல பதினோரு வருஷம் நின்னவன், இதே கேள்வியை, இதே £9.50 முகத்தோட, எத்தனை பேர் கேட்டாங்கன்னு எண்ணிக்கை இல்ல.

மெர்சி, முதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கோங்க. ஈச் வேங்கறது ஒரு பெட் இல்ல, ரெண்டு பெட். ஒரே ஸ்லிப்ல எழுதறதால ஒண்ணு மாதிரி தெரியுது. ஒரு £5 "இது ஜெயிக்கும்"னு, இன்னொரு £5 "இது பிளேஸ்ல வரும்"னு, அதாவது உங்க ரேஸ்ல முதல் மூணுக்குள்ள வரும்னு. அதனாலதான் £10 வாங்கினாங்க. குதிரை ரெண்டாவதா வந்தவுடனே முதல் £5 செத்துப்போச்சு, அதுல ஒரு பென்னி கூட வராது. மிச்சம் உயிரோட இருக்கறது பிளேஸ் £5 மட்டும்.

அந்த பிளேஸ் பெட்டுக்கு 9/2 முழுசா கிடையாது. அதுல அஞ்சுல ஒரு பங்கு, அதான் ஸ்லிப்ல `1/5 odds`. 9/2ன்னா ஒரு பவுண்டுக்கு நாலரை பவுண்டு லாபம். நாலரையை அஞ்சால வகுத்தா 90 பென்ஸ். உங்க அஞ்சு பவுண்டுக்கு லாபம் £4.50. அதோட அந்த பிளேஸ் ஸ்டேக் £5 திரும்ப வரும். ஆக £9.50. கடைக்காரங்க ஒரு பென்னி கூட ஏமாத்தல.

மெர்சி_கரை
ஓஹோ இப்ப புரியுது, அந்த வின் பக்கத்து அஞ்சு பவுண்டும் சேர்ந்து திரும்ப வரும்னு நான் நெனச்சுட்டு இருந்தேன் அங்கதான் தப்பு. சரிங்கய்யா, அப்ப அது ஜெயிச்சிருந்தா? வின் பெட் மட்டும் தருவாங்களா, பிளேஸ் பெட் போச்சா?

வெம்ப்ளி_வினோத்
ஜெயிச்சா வின் மட்டும்தான்னு நெனைக்கிறேன். ரெண்டாவது மூணாவது வந்தாதானே பிளேஸ்.

பழைய_ஸ்லிப்
இல்ல தம்பி. முதல்ல வந்த குதிரையும் முதல் மூணுக்குள்ளதானே இருக்கு? ஜெயிச்சா ரெண்டு பெட்டும் ஜெயிக்கும். வின் பக்கம் £5க்கு நாலரை மடங்கு, £22.50, ஸ்டேக் £5 சேர்த்து £27.50. பிளேஸ் பக்கம் நாம ஏற்கனவே பாத்த அதே £9.50. மொத்தம் £37. அதுல நீங்க போட்ட £10 கழிச்சா லாபம் £27. எப்பவும் ரெண்டையும் தனித்தனியா எழுதி கடைசில கூட்டுங்க, ஒண்ணா போட்டு கணக்கு பண்ண பாத்தா கண்டிப்பா குழம்பும்.

இன்னொண்ணும் சொல்லணும், யாரும் கவுண்டர்ல சொல்ல மாட்டாங்க. அஞ்சுல ஒரு பங்குன்னா 5/1 தான் எல்லைக்கோடு. 5/1 குதிரை பிளேஸ்ல வந்தா போட்ட £10 அப்படியே திரும்ப வரும், லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. அதுக்கு கீழ எந்த விலையா இருந்தாலும், குதிரை ஜெயிக்காம பிளேஸ்ல மட்டும் வந்தா உங்களுக்கு நஷ்டம்தான். நாலுல ஒரு பங்கு குடுக்குற ரேஸ்ல அந்த கோடு 4/1. உங்க குதிரை 9/2, அதாவது 5/1க்கு கொஞ்சம் கீழ. அதான் ஐம்பது பென்ஸ் கொறஞ்சுது. அதே 9/2க்கு நாலுல ஒரு பங்கா இருந்திருந்தா £10.62 வந்திருக்கும்.

2/1 ஃபேவரைட் மேல ஈச் வே போடுறவங்களை தினம் பாப்பேன். அது ரெண்டாவதா வந்தா £10க்கு £7 தான் வரும். "பாதுகாப்புக்கு" போட்டோம்னு சொல்வாங்க. மூணு பவுண்டு குடுத்து என்ன பாதுகாப்புன்னு எனக்கு கடைசி வரைக்கும் புரியல, மனசு கேக்காம ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட சொல்லியும் பாத்திருக்கேன்.

கணக்கு_டீச்சர்
நான் ஆப்ல பாக்கறேன், அதுல 9/2க்கு பதிலா 5.50ன்னு காட்டுது. 5.50ஐ அஞ்சால வகுத்தா 1.10. அப்ப £5க்கு £5.50 தானே வரணும்? £9.50 எப்படி? ஒண்ணு உங்க கணக்கு தப்பு இல்ல ஆப் கணக்கு தப்பு.

பழைய_ஸ்லிப்
டீச்சர், வகுக்கறது லாபத்தை மட்டும்தான். 5.50ல உங்க சொந்த ஒரு பவுண்டும் உள்ள ஒளிஞ்சிருக்கு, அது திரும்ப வர ஸ்டேக். அதையும் சேர்த்து வகுத்துட்டீங்க. முதல்ல 1 கழிக்கணும், 4.50. அதை அஞ்சால வகுக்கணும், 0.90. அப்புறம் அந்த 1ஐ திரும்ப கூட்டணும், 1.90. £5 பெருக்கல் 1.90, £9.50. ரெண்டு வழியும் ஒரே எடத்துக்குதான் வரும்.

```
பிளேஸ் ரிட்டர்ன் = ஸ்டேக் × ((5.50 − 1) ÷ 5 + 1)
```

கணக்கு_டீச்சர்
ஆமா ஆமா, சரி. பின்னமா எழுதினா லாபம் மட்டும், தசமமா எழுதினா ஸ்டேக்கும் சேர்ந்தது. ரெண்டும் ஒரே விஷயத்தை சொல்ற மாதிரி தெரிஞ்சாலும் சொல்ற பொருள் வேற. பசங்களுக்கு இதை வச்சு பாடம் எடுக்க முடியாது, ஆனா நல்ல கணக்கு.

கிண்டி_அண்ணாச்சி
நான் மெட்ராஸ்ல கிண்டி ரேஸுக்கு முப்பது வருஷம் போனவன், எங்களுக்கு இந்த அஞ்சுல ஒண்ணு நாலுல ஒண்ணெல்லாம் கெடையாதே. வின் டிக்கெட் தனி, பிளேஸ் டிக்கெட் தனி, ரேஸ் முடிஞ்சதும் போர்டுல டிவிடெண்ட் போடுவான், அதை பாத்துட்டு ஜன்னல்ல போய் வாங்கிக்க வேண்டியதுதான். தம்பி நீங்க டோட்ல போட்டிருந்தா இந்த தலைவலியே இல்ல. பிளேஸ்ல எத்தனை பேர் காசு போட்டாங்களோ அதுதான் பங்கு பிரியும்.

பழைய_ஸ்லிப்
அண்ணாச்சி, அது வேற உலகம். டோட்ல பிளேஸ் காசெல்லாம் தனி உண்டியல், கமிஷன் போக மிச்சத்தை பிளேஸ் டிக்கெட் வச்சிருக்கவங்க பிரிச்சுக்கறாங்க, வின் விலைக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தமே இல்ல. இங்கயும் டோட் இருக்கு, அதுலயும் ஈச் வே போடலாம். ஆனா மெர்சி போட்டது புக்மேக்கர்கிட்ட. இங்க பிளேஸ் விலை வின் விலையோட வால்ல கட்டினது. ஒரு விதத்துல இது நல்லது, போடும்போதே என்ன வரும்னு தெரியும். டோட்ல ரேஸ் முடியற வரைக்கும் தெரியாது.

வல்வை_பெடியன்
அண்ணை, நான் லூசியத்தில இருக்கிறன். எங்கட ஊரில புக்கி எண்டா இங்கிலாந்து ரேஸுக்குத்தான் காசு கட்டுவினம், மாமா ஒராள் கொழும்பில இருந்துகொண்டே இங்கத்தைய குதிரைப் பேர் எல்லாம் பாடமாக்கி வச்சிருந்தவர். அதால எனக்கு ஈச் வே சின்ன வயசிலயே தெரியும். ஆனா போன மாசம் எனக்கு நடந்தது இன்னும் விளங்கேல்ல.

எட்டுக் குதிரை ரேஸ், முதல் நாள் இரவே 10/1இல £5 ஈச் வே கட்டினன். மூண்டு பிளேஸ் எண்டுதான் போட்டிருந்தது. விடிய ஒரு குதிரையை எடுத்துப் போட்டாங்கள், நிலம் சரியில்லை எண்டு. என்ர குதிரை மூண்டாவதா வந்தது. ஒண்டும் தரேல்ல. ஒரு சதமும் இல்லை. நான் கட்டேக்க மூண்டு பிளேஸ்தானே இருந்தது, ஓட்ட நேரத்தில மாத்த ஏலுமோ? இதுதான் களவு எண்டு எனக்குப் படுது.

பழைய_ஸ்லிப்
தம்பி, உங்க கோவம் நியாயமானதுதான், ஆனா அது களவு இல்ல. விலை நீங்க எடுத்த நேரத்துல பூட்டிடும், பிளேஸ் டெர்ம்ஸ் அப்படி இல்ல. உண்மையா எத்தனை குதிரை ஓடுதோ அதை வச்சுதான் அது முடிவாகும். சாதாரண டெர்ம்ஸ் இப்படி போகும்: நாலு குதிரை வரைக்கும் வின் மட்டும், பிளேஸே கிடையாது. அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் ரெண்டு பிளேஸ், நாலுல ஒரு பங்கு. எட்டு ஆச்சுன்னா மூணு பிளேஸ், அஞ்சுல ஒரு பங்கு. ஹேண்டிகேப் ரேஸா இருந்தா, அதாவது நல்ல குதிரைக்கு கூட எடை ஏத்தி ஓட்டற ரேஸா இருந்தா, பன்னெண்டுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் அதே மூணு பிளேஸ் ஆனா நாலுல ஒரு பங்கு, பதினாறு ஆச்சுன்னா நாலு பிளேஸ், நாலுல ஒரு பங்கு.

உங்க ரேஸ் எட்டுலேர்ந்து ஏழாச்சு. மூணாவது பிளேஸ் அப்பவே போச்சு. எங்க ஷாப்ல சரியா எட்டு குதிரை இருக்கற ரேஸை "டெட் எய்ட்"ம்பாங்க, காலைலேர்ந்து எல்லாரும் ஒண்ணு விலகுதான்னு பாத்துட்டே இருப்பாங்க. பதினாறு குதிரை ஹேண்டிகேப்லயும் இதே கதைதான், ஒண்ணு போனா நாலாவது பிளேஸ் காணாம போகும். ஈச் வே போடுறவங்க எட்டையும் பதினாறையும் பாத்தா கொஞ்சம் யோசிக்கணும், ஒன்பதும் பதினேழும் நிம்மதி.

வல்வை_பெடியன்
அப்ப அது ரெண்டாவதா வந்திருந்தா? நாலில ஒரு பங்கு எண்டா கூட வருமே, ஆறுதல்தானே.

பழைய_ஸ்லிப்
வரும், ஆனா இன்னொரு கத்தி இருக்கு. விலகின குதிரைக்கு விலை என்ன இருந்துச்சு?

வல்வை_பெடியன்
4/1 எண்டு நினைக்கிறன். ரெண்டாவது ஃபேவரைட்.

பழைய_ஸ்லிப்
அப்ப ரூல் ஃபோர் வரும். நல்ல குதிரை ஒண்ணு விலகினா மிச்ச குதிரைக்கெல்லாம் வாய்ப்பு கூடுது இல்லையா, நீங்க முன்னாடியே பழைய பெரிய விலையை எடுத்து வச்சிருக்கீங்க, அதனால லாபத்துல ஒரு வெட்டு. 4/1 குதிரை போனா பவுண்டுக்கு 20 பென்ஸ். 14/1க்கு மேல இருக்கற குதிரை போனா வெட்டே இல்ல, ஃபேவரைட் மாதிரி குதிரை போனா வெட்டு ரொம்ப பெருசு.

ரெண்டாவதா வந்திருந்தா உங்களுக்கு: 10/1ல நாலுல ஒரு பங்கு ரெண்டரை. £5க்கு லாபம் £12.50. அதுல இருபது சதவீதம் வெட்டினா £10. ஸ்டேக்கை தொட மாட்டாங்க, அது £5 முழுசா. மொத்தம் £15. வெட்டு லாபத்துலதான், ஸ்டேக்ல இல்லங்கறதை மட்டும் கவனிங்க, ஷாப்ல இதுக்குதான் அதிகம் சண்டை வரும்.

வல்வை_பெடியன்
பிளேஸையும் குறைச்சு விலையையும் குறைக்கிறாங்கள் எண்டா ஒரே குதிரைக்கு ரெண்டு தரம் அடிக்கிற மாதிரித்தான் கிடக்கு. விளக்கம் விளங்குது அண்ணை, நீதி எண்டு மட்டும் என்னால ஒத்துக்கொள்ள ஏலாது.

பழைய_ஸ்லிப்
அதுல உங்க கூட நான் பாதி தூரம் வருவேன். நாலுல ஒரு பங்கா ஏறுதேன்னு புக்மேக்கர் பக்கம் சொல்வாங்க. மூணாவதா வந்தவனுக்கு அதனால என்ன பிரயோஜனம்?

வெம்ப்ளி_வினோத்
அப்ப ஈச் வேயே வேஸ்டா? பேசாம வின் மட்டும் போட்டுட்டு போயிடலாம் போல.

பழைய_ஸ்லிப்
அப்படியும் இல்ல. பிளேஸ் பங்கு எட்டு குதிரைன்னா அஞ்சுல ஒண்ணுன்னு கண்ணை மூடிட்டு போடுற விதி, அந்த எட்டு குதிரையும் எப்படிப்பட்டதுன்னு அது பாக்காது. ஒரு ரேஸை நெனச்சு பாருங்க: ஃபேவரைட் 4/6, அடுத்து 5/1, 6/1, 8/1, மிச்ச நாலும் 50/1, 66/1ன்னு சும்மா சுத்திட்டு வர குதிரைங்க. அந்த 6/1 குதிரை முதல் மூணுக்குள்ள வரணும்னா நெஜத்துல மூணு குதிரையோடதான் போட்டி. அதுக்கு 6/5 பிளேஸ் விலை கிடைக்குது. ஃபேவரைட் ஜெயிச்சு இது ரெண்டாவதோ மூணாவதோ வந்தா £10க்கு £11. வின் பக்கம் £5 பெரும்பாலும் போயிடும், ஆனா பிளேஸ் பக்கம் அதோட தகுதிக்கு மேல விலை. இந்த மாதிரி ரேஸா பொறுக்கி போடுறவங்களை ஷாப்ல எங்களுக்கு முகம் தெரியும், ஹெட் ஆபீஸ்லேர்ந்து போன் வரும் "அவருக்கு ஈச் வே கம்மியா எடு"ன்னு. ஆன்லைன்ல அக்கவுண்டையே சுருக்கிடுவாங்க.

இதுக்கு எதிர் பக்கம் உங்க வகை. எல்லா குதிரையும் ஏறக்குறைய சமமா இருக்கற ஒன்பது குதிரை ரேஸ்ல 9/2 ஈச் வே. அங்க பிளேஸ் விலை கஞ்சத்தனமானது.

மெர்சி_கரை
இதெல்லாம் எனக்கு தெரியாம போச்சே. அடுத்த கேள்வி, இதுக்காகத்தான் முதல்ல கத்துக்கவே ஆரம்பிச்சேன். கிராண்ட் நேஷனல். அது ஓடுற எய்ன்ட்ரீ மைதானம் எங்க வீட்லேர்ந்து பஸ்ல அரை மணி நேரம். அந்த நேரத்துல ஒரு கடை ஆறு பிளேஸ் அஞ்சுல ஒரு பங்குன்னு போர்டு வைக்குது, இன்னொண்ணு நாலு பிளேஸ் நாலுல ஒரு பங்கு. எதுல போறது?

கணக்கு_டீச்சர்
நாலுல ஒண்ணு அஞ்சுல ஒண்ணை விட பெருசு, அதனால நாலுல ஒண்ணு.

வல்வை_பெடியன்
டீச்சர், அஞ்சாவதா வந்தா நாலு பிளேஸ்காரன் என்ன தருவான்? ஒண்டுமில்லை. ஆறு பிளேஸ்தான்.

பழைய_ஸ்லிப்
33/1 குதிரையை வச்சு பாப்போம், 2025 நேஷனல்ல நிக் ராக்கெட் அந்த விலைலதான் ஜெயிச்சுது. £5 ஈச் வே. பிளேஸ்ல மட்டும் வந்தா, நாலுல ஒரு பங்குன்னா எட்டேகால், £41.25, ஸ்டேக் சேர்த்து £46.25. அஞ்சுல ஒரு பங்குன்னா 6.6, £33, சேர்த்து £38. வித்தியாசம் £8.25. முதல் நாலுக்குள்ள வந்தா டீச்சர் சொல்றது சரி, அந்த £8.25 உங்களுக்கு கூட வரும். அஞ்சாவது ஆறாவது வந்தா தம்பி சொல்றது சரி, £38க்கும் சைபருக்கும் உள்ள வித்தியாசம்.

2024லேர்ந்து அங்க அதிகபட்சம் 34 குதிரைதான், அதுக்கு முன்னாடி 40. நாலே கால் மைல், முப்பது வேலி, பாதிக்கு மேல முடிக்கவே மாட்டாதுங்கற வருஷம் எல்லாம் உண்டு, அங்க அஞ்சாவது ஆறாவது எடம் சும்மா எடம் இல்ல. நான் ஆறு பிளேஸ் பக்கம். ஆனா குதிரை நெஜமாவே ஜெயிக்கற குதிரைன்னு நம்பி போட்டா ஜெயிக்கும்போது அந்த எட்டு பவுண்டை விட்டுக்குடுக்கறோம், அதையும் மறக்காதீங்க.

கிண்டி_அண்ணாச்சி
நூத்துக்கு ஒண்ணு விலை குதிரை பிளேஸ்ல வந்தா எவ்ளோ வரும்? அந்த மாதிரி எப்பவாவது நடந்திருக்கா?

பழைய_ஸ்லிப்
நடந்திருக்கு அண்ணாச்சி. 2021, கோவிட் நேரம், கூட்டமே இல்லாத எய்ன்ட்ரீ. ரேச்சல் பிளாக்மோர் மினெல்லா டைம்ஸ்ல ஜெயிச்சாங்க, நேஷனல் ஜெயிச்ச முதல் பெண் ஜாக்கி. எல்லாரும் அதைதான் பேசினாங்க. ரெண்டாவதா வந்த பால்கோ டெ ஃப்ளோஸ் 100/1. வின் மட்டும் போட்டவனுக்கு சைபர். £5 ஈச் வே நாலுல ஒரு பங்குல போட்டவனுக்கு 25/1, £125, ஸ்டேக் சேர்த்து £130. அஞ்சுல ஒரு பங்குன்னா £105. பெரிய விலை, நிறைய குதிரை, நீளமான ஓட்டம், ஈச் வே பொருந்தறது இந்த மாதிரி எடத்துல.

கணக்கு_டீச்சர்
கடைசி சந்தேகம். மூணு பிளேஸ் ரேஸ்ல மூணாவது எடத்துக்கு ரெண்டு குதிரை சேர்ந்து வந்தா? போட்டோவுலயும் பிரிக்க முடியலன்னா?

பழைய_ஸ்லிப்
டெட் ஹீட். லாபத்தை பாதியாக்க மாட்டாங்க, ஸ்டேக்கை பாதியாக்குவாங்க. பிளேஸ் £5ல £2.50 மட்டும் ஜெயிச்சதா கணக்கு, மீதி £2.50 போச்சு. 10/1 குதிரை, அஞ்சுல ஒரு பங்கு 2/1ன்னு வைங்க, £2.50க்கு £5 லாபம், அந்த £2.50ம் சேர்த்து £7.50. முழுசா மூணாவது வந்திருந்தா £15.

ஆனா ரெண்டாவது எடத்துக்கு ரெண்டு குதிரை சேர்ந்து வந்தா பாதியாக்க மாட்டாங்க, ரெண்டாவதும் மூணாவதும் ரெண்டுமே பிளேஸ்தானே, ரெண்டுக்கும் முழுசா உண்டு. இதையும் நெறைய பேர் தப்பா பிடிச்சுப்பாங்க.

மெர்சி_கரை
நன்றிங்கய்யா. நேத்து ராத்திரி பேப்பர்ல போட்டு பாத்தேன், சனிக்கிழமை ரேஸ் ஒண்ணு, பதினாறு குதிரை ஹேண்டிகேப், எனக்கு புடிச்சது 14/1. நாலுல ஒரு பங்கு மூணரை, £5க்கு £17.50, ஸ்டேக்கோட £22.50. ஜெயிச்சா வின் பக்கம் £75 கூட, மொத்தம் £97.50. சரியா வந்திருக்கா?

பழைய_ஸ்லிப்
அச்சு அசல் சரி. பதினாறுங்கறதாலதான் யோசிக்க சொல்றேன். சனிக்கிழமை காலைல லிஸ்ட்ல எத்தனை இருக்குன்னு பாத்துட்டு போடுங்க.

வல்வை_பெடியன்
பதினஞ்சா போனா எனக்கும் சொல்லுங்கோ, நானும் அதுக்குத்தான் கட்ட யோசிச்சனான்.